டெட்–ஈக்விட்டி 1.4, வட்டிக் கவரேஜ் 1.7 இருந்தும் "கடன் அதிகம்" என்கிறது வங்கி. எங்கே இடிக்கிறது?

நூல்மில்_வேடசந்தூர்

எல்லாருக்கும் வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தில் ஸ்பின்னிங் மில், பிரைவேட் லிமிடெட். ரிங் ஃபிரேமும் ஆட்டோகோனரும் வாங்க 8 கோடி டெர்ம் லோன் கேட்டிருந்தோம். கிளையில் சரி என்றார்கள், மண்டல அலுவலகம் கோப்பைத் திருப்பிவிட்டது. "லெவரேஜ் அதிகம், கவரேஜ் போதாது" என்று ஒரே வரி.

2025 மார்ச் 31 கணக்கு, எல்லாம் கோடியில்:

பங்கு மூலதனம் 4.00, ரிசர்வ் 7.50, ரீவேல்யுவேஷன் ரிசர்வ் 6.50. மொத்தம் 18.00.
டெர்ம் லோன் 14.00, அன்றாட ஓட்டத்துக்கான சி.சி. கடன் 11.20. மொத்தம் 25.20.
டைரக்டர்கள் போட்ட பணம் 3.00, வட்டி கிடையாது. பஞ்சு வியாபாரிகள் உள்படச் சப்ளையர்களுக்குத் தர வேண்டியது 6.80. இதர பாக்கி 1.00.
விற்பனை 62, தேய்மானத்துக்கும் வட்டிக்கும் முன் லாபம் 6.10, தேய்மானம் 2.20, வட்டி 2.30, வரி 0.40, நிகர லாபம் 1.20.

25.20-ஐ 18-ஆல் வகுத்தால் 1.4. தேய்மானம் கழித்த லாபம் 3.90-ஐ வட்டி 2.30-ஆல் வகுத்தால் 1.7. ஆடிட்டரும் இதையேதான் போட்டுக் கொடுத்தார். இரண்டுக்குக் கீழே இருந்தால் போதும் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறோம். இதில் எது அதிகம்?

பிகாம்_பாலு

உங்கள் பக்கம் தப்பே இல்லை சார். உற்பத்தித் தொழிலுக்கு டெட்–ஈக்விட்டி 2 வரைக்கும் தாராளமாகப் போகலாம். கவரேஜ் 1.5-க்கு மேல் இருந்தால் வட்டி கட்டும் தெம்பு இருக்கிறது என்றுதான் அர்த்தம். இரண்டிலும் நீங்கள் தேறிவிட்டீர்கள். வேறு வங்கிக்குக் கோப்பைக் கொண்டுபோங்கள், இவர்களுக்குக் கொடுக்க மனசில்லை, அவ்வளவுதான்.

சங்கரி_கிரெடிட்

பாலு சொன்ன எல்லைக்கோடுகள் ஏறக்குறைய சரி. ஆனால் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது ஆடிட்டரின் 1.4 அல்ல. வங்கி உங்கள் பேலன்ஸ் ஷீட்டை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, சி.எம்.ஏ. படிவத்தில் தன் முறைப்படி திரும்ப அடுக்கும். அடுக்கும்போது மேலே இருக்கிற எண்ணும் மாறும், கீழே இருக்கிற எண்ணும் மாறும். வேறு வங்கிக்குப் போனாலும் இதே கதைதான்.

கணக்கைத் திரும்பப் போடுவதற்கு முன் நான்கு விஷயம் தெரிய வேண்டும். சிஸ்டர் கன்சர்னுக்குப் பணம் ஏதாவது கொடுத்திருக்கிறீர்களா? அந்த 6.10-க்குள் ஒரே தடவை வந்த வருமானம் இருக்கிறதா? ஆண்டுக்குள் ஏதாவது கட்டுமானம் நடந்து, அதன் வட்டியைச் சொத்து மதிப்பில் ஏற்றினீர்களா? பஞ்சு எல்.சி.யில், அதாவது வங்கி உத்தரவாதத்தின் பேரில் கடனுக்கு, வாங்குகிறீர்கள் என்றால் அதன் வட்டி எந்தத் தலைப்பில் போகிறது?

நூல்மில்_வேடசந்தூர்

நான்குக்கும் "ஆமாம்" என்றுதான் பதில் மேடம். தம்பியின் கார்மென்ட் யூனிட்டுக்கு 2.50 கொடுத்திருக்கிறோம். பழைய மனை ஒன்றை விற்றதில் 0.40 லாபம் வந்தது. சோலார் போட்டோம், அது ஓடத் தொடங்கும் வரைக்கும் ஆன வட்டி 0.35, சோலார் செலவோடு சேர்த்துவிட்டோம். எல்.சி. 90 நாள், பஞ்சுக் கடனில் 4 கோடி அதில்தான். அதன் டிஸ்கவுன்ட் வட்டி 0.15 "பேங்க் சார்ஜஸ்" தலைப்பில் இருக்கிறது.

முதலீட்டு_முருகு

நல்ல இழை. ஒரு சந்தேகம். நான் பார்க்கிற ஒரு என்.பி.எஃப்.சி. பங்கில் டெட்–ஈக்விட்டி 4.5 காட்டுகிறது, வட்டிக் கவரேஜ் 1.4தான். இங்கே பேசுவதை வைத்துப் பார்த்தால் அது மூழ்குகிற கப்பலா? விற்றுவிடலாமா?

சங்கரி_கிரெடிட்

முருகு, நிதி நிறுவனத்துக்கு இந்த இரண்டும் பொருந்தாது. மில்லுக்குப் பஞ்சு எப்படியோ, என்.பி.எஃப்.சி.க்கு வட்டி அப்படி. வாங்கிக் கூடுதலாக விற்பதுதான் அதன் தொழிலே. அங்கே மூலதனப் போதுமை எவ்வளவு (பொதுவாகக் குறைந்தது 15 சதவீதம்), வராக்கடன் எவ்வளவு, வாங்கிய கடன் முடியும் காலமும் கொடுத்த கடன் திரும்பும் காலமும் ஒத்துப்போகின்றனவா, இதைத்தான் பார்க்க வேண்டும். அதற்குத் தனி இழை போடுங்கள், வருகிறேன்.

இப்போது மில் கணக்கு.

முதலில் சொந்தப் பணம். ரீவேல்யுவேஷன் ரிசர்வ் 6.50-ஐ வங்கி எடுத்துவிடும். நிலத்தின் மதிப்பு ஏறியது உண்மைதான். ஆனால் அந்த நிலம் ஏற்கெனவே அடமானத்தில் இருக்கிறது, அதன் மதிப்பு செக்யூரிட்டி கணக்கில் வந்துவிட்டது. தொழிலுக்குள் புதிதாக ஒரு ரூபாய் வரவில்லை. அடுத்தது தம்பி யூனிட்டுக்குப் போன 2.50. அது உங்கள் மில்லில் சுழலாத பணம், அதுவும் கழியும். ஆக 18 கோடி 9 கோடியாகிறது. இதைத்தான் டேஞ்சிபிள் நெட்வொர்த் என்பார்கள்.

பிறகு கடன். வங்கி தன் கடனை மட்டும் எண்ணுவதில்லை, வெளியாருக்குத் தர வேண்டிய எல்லாவற்றையும் எண்ணும். 25.20 + 3.00 + 6.80 + 1.00 = 36. அதை 9-ஆல் வகுத்தால் 4. கேட்கிற 8 கோடியும் சேர்ந்தால் 44/9, கிட்டத்தட்ட 4.9. பெரும்பாலான வங்கிகள் உங்கள் அளவு மில்லுக்கு 3-ஐத்தான் எல்லையாக வைக்கும், சில இடங்களில் 4 வரை விடுவார்கள். உங்கள் 1.4 கணக்கில் 90 நாள் எல்.சி. கடன் 4 கோடி எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்.சி. தேதியில் நீங்கள் கட்டாவிட்டால் அது வங்கியின் தலையில்தான் விழும். அதனால்தான் அதை விடவே மாட்டார்கள்.

டைரக்டர் பணம் 3 கோடிக்கு ஒரு வழி இருக்கிறது. "வங்கிக் கடன் தீரும் வரை எடுக்க மாட்டோம், வட்டியும் கேட்க மாட்டோம்" என்று டைரக்டர்கள் உறுதிக் கடிதம் கொடுத்தால் அதைச் சொந்தப் பணத்தோடு சேர்ப்பார்கள். அப்போது வெளிக்கடன் 33, சொந்தம் 12, விகிதம் 2.75. ஒரு கடிதத்தால் 4 என்பது 2.75 ஆகிறது. கோப்பில் அந்தக் கடிதம் இருந்ததா?

நூல்மில்_வேடசந்தூர்

இல்லை மேடம். யாரும் கேட்கவே இல்லை.

கரூர்_சிஏ

சங்கரி மேடம் கணக்கில் பெரிதாகக் கருத்து வேறுபாடு இல்லை. இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

கடிதத்தை நம்பி இருக்காதீர்கள். சில வங்கிகள் டைரக்டர் பணத்தை முழுசாகச் சேர்க்கும், சில பாதி, சில நெட்வொர்த் அளவு வரைக்கும் என்று வைத்திருக்கும். ஷேராகவே மாற்றிவிட்டால் கேள்விக்கு இடமில்லை. வேல்யுவேஷன், ஸ்பெஷல் ரெசல்யூஷன், ஆர்.ஓ.சி. ஃபைலிங் என்று வேலை இருக்கிறது, ஆனால் ஒரு தடவை செய்தால் முடிந்தது. அதோடு, அந்த 3 கோடி டைரக்டர்களின் சொந்தப் பணம், வெளியே கடன் வாங்கிப் போட்டதல்ல என்று அவர்களிடம் எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறீர்களா பாருங்கள். இல்லையென்றால் அது டெபாசிட் விதிக்குள் மாட்டும்.

இரண்டாவது, ரீவேல்யுவேஷன் ரிசர்வை முழுசாகத் தூக்குவது எனக்கு எப்போதும் ஒப்பாத விஷயம். 1990-களில் வாங்கிய நிலத்தை வாங்கிய விலையிலேயே வைத்துவிட்டு "மூலதனம் போதாது" என்பது நியாயமில்லை. அதை விற்றால் கடன் பாதி அடையும்.

சங்கரி_கிரெடிட்

விற்றால் மில் எங்கே இருக்கும் சார்? மில் நிற்கிற நிலம் அது. தொழில் ஓடிக்கொண்டிருக்கும்போது வட்டி கட்டப் பயன்படாத சொத்து, தொழில் நின்ற பிறகுதான் பயன்படும். அப்போது விற்கிற விலை மதிப்பீட்டாளர் எழுதிய விலையாக இருக்காது. தொழிலுக்குத் தேவைப்படாத காலி மனை என்றால் நீங்கள் சொல்வதை ஓரளவு ஏற்கிறேன். அப்போதும் விற்றுப் பணத்தை உள்ளே கொண்டுவரச் சொல்வேன்.

இப்போது கவரேஜ். ஆடிட்டர் எடுத்தது 3.90. அதில் மனை விற்ற 0.40 அடுத்த வருஷம் வராது, போகட்டும், 3.50. எல்.சி. வட்டி 0.15 செலவாகக் கழிந்திருக்கிறது, அது வட்டிதான் என்பதால் திரும்பச் சேர்த்தால் 3.65. வட்டிப் பக்கம் 2.30-உடன் சோலாரில் ஏற்றிய 0.35-உம் எல்.சி. 0.15-உம் சேர்ந்து 2.80. ஆக 3.65/2.80, அதாவது 1.3.

கட்டுமான வட்டியைச் சொத்தில் ஏற்றியது தவறில்லை, கணக்கியல் விதியே அப்படித்தான். ஆனால் அந்தப் பணம் கையிலிருந்து போனது. சோலார் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து அந்த வட்டி லாப நட்டக் கணக்குக்கே வரும். பழைய விகிதத்தை வைத்துக் கடன் கொடுத்தால் அடுத்த மார்ச்சில் வங்கி வேறொரு கம்பெனியைப் பார்க்கும்.

1.3 என்றால் எவ்வளவு இடைவெளி என்று கிலோ கணக்கில் பாருங்கள். 62 கோடி விற்பனை, கிலோ சராசரி 250 ரூபாய் என்றால் வருஷத்துக்குச் சுமார் 25 லட்சம் கிலோ நூல். பஞ்சு விலைக்கும் நூல் விலைக்கும் நடுவே கிடைக்கிற இடைவெளி கிலோவுக்கு 5 ரூபாய் சுருங்கினால் 1.25 கோடி போகும். 3.65 என்பது 2.40 ஆகும், வட்டி 2.80 அப்படியே நிற்கும். கவரேஜ் 0.86. நூல் தொழிலில் 5 ரூபாய் என்பது சீசன் நடுவே வந்துபோகிற அசைவு. மண்டல அலுவலகத்தில் கோப்பைப் பார்த்தவர் இதைத்தான் போட்டுப் பார்த்திருப்பார்.

பிகாம்_பாலு

தேய்மானம் கையிலிருந்து போகிற பணம் இல்லையே மேடம். அதையும் சேர்த்து எடுத்தால் கவரேஜ் 2-க்கு மேல் வரும். பல தரமதிப்பீட்டு அறிக்கைகளில் தேய்மானத்துக்கு முந்தைய லாபத்தைத்தானே வட்டியால் வகுக்கிறார்கள்?

சங்கரி_கிரெடிட்

ஆமாம், அப்படியும் வகுக்கிறார்கள், சேர்த்தால் 5.85/2.80, 2.1 வரும். அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். எந்த முறையில் போட்ட எண், எந்த முறையின் எல்லைக்கோடு என்பதைக் கலக்காமல் இருந்தால் போதும். 1.5 என்ற கோடு தேய்மானம் கழித்த லாபத்துக்கு உரியது.

ஸ்பின்னிங்கில் தேய்மானத்தைப் பணமாக எண்ண எனக்குத் தயக்கம் உண்டு. ரிங், டிராவலர், ஸ்பிண்டில் டேப், காட் ரோலர் என்று செலவு நின்றபாடில்லை. அவற்றில் பெரும்பகுதி செலவுக் கணக்கிலேயே போனாலும், பத்து வருஷத்தில் ஃபிரேமே பழசாகி கிலோவுக்குக் கூடுதல் மின்சாரம் குடிக்கும். ஒன்றிரண்டு வருஷத்துக்குத் தேய்மானப் பணத்தில் வட்டி கட்டலாம். அதற்கு மேல் கட்டினால் மில் தேய்ந்துபோகும்.

வார்ப்படம்_கோவை

எங்கள் கதை நேர்மாறு. பம்ப் பாகங்கள் வார்க்கும் ஃபவுண்டரி. சொந்தப் பணம் 4 கோடி, மார்ச் 31-இல் கடன் 2.40 கோடிதான், டெட்–ஈக்விட்டி 0.6. கடன் குறைவு என்று பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் சி.சி. கணக்கு லிமிட்டைத் தாண்டி ஒரு மாதத்துக்கு மேல் நின்றதால் எஸ்.எம்.ஏ.-1 என்று எச்சரிக்கைப் பட்டியலில் குறித்துவிட்டார்கள். போன வருஷ வட்டி 0.41, வட்டிக்கு முந்தைய லாபம் 0.46. இவ்வளவு குறைந்த கடனுக்கா இந்த மரியாதை?

சங்கரி_கிரெடிட்

0.46/0.41, கவரேஜ் 1.1. ஒரு பெரிய வார்ப்பு திரும்பி வந்தால் வட்டி நிற்கும். அதைவிட முக்கியமான ஒன்று உங்கள் எண்களிலேயே இருக்கிறது. 2.40 கோடிக்கு 0.41 வட்டி என்றால் 17 சதவீதம். உங்கள் வங்கி அந்த விலைக்குக் கடன் கொடுக்காது. 10.5 சதவீதம் என்று வைத்தால் 0.41 வட்டிக்குச் சராசரிக் கடன் 3.9 கோடி இருந்திருக்க வேண்டும். அதாவது மார்ச் கடைசியில் எங்கிருந்தோ பணம் கொண்டுவந்து கணக்கைக் குறைத்து, ஏப்ரலில் திரும்ப எடுத்திருக்கிறீர்கள். அல்லது மார்ச்சில் பெரிய வசூல் வந்திருக்கிறது. எப்படியோ, உண்மையான விகிதம் 0.6 அல்ல, ஒன்றுக்குப் பக்கம்.

வங்கிக்கு இது தெரியாமல் இருக்காது. உங்கள் சி.சி. கணக்கு அவர்களிடமே இருக்கிறது, பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்ட் பார்த்தால் போதும். இதே சோதனையை வேடசந்தூர் மில்லுக்குப் போட்டால் 25.20-க்கு எல்.சி. நீங்கலான வட்டி 2.65, சரியாக 10.5 சதவீதம். அந்த வகையில் அவர் கணக்கு நேராக இருக்கிறது.

உங்களுக்கு இப்போது அவசரம் 61-ஆம் நாளுக்குள் லிமிட்டுக்குக் கீழே வருவது. 61 முதல் 90 வரை எஸ்.எம்.ஏ.-2, 90 தாண்டினால் வராக்கடன். பில் வசூலைத்தான் துரத்த வேண்டும், விகிதத்தை அல்ல.

வார்ப்படம்_கோவை

மார்ச்சில் வசூல் வந்தது உண்மை, கைமாற்று வாங்கியதும் உண்மை. 44-ஆம் நாளில் இருக்கிறோம். பார்க்கிறேன் மேடம்.

கரூர்_சிஏ

மில் விஷயத்தில் கோப்பைத் திருப்பியதற்கு முதல் காரணம் இந்த இரண்டு விகிதமும் இல்லை, டி.எஸ்.சி.ஆர். என்பது என் கணிப்பு. வட்டிக் கவரேஜில் அசல் தவணை கண்ணுக்கே தெரியாது, டி.எஸ்.சி.ஆர். கணக்கில் வருஷ வரவை அசலும் வட்டியும் சேர்ந்த தொகையால் வகுப்பார்கள். 2020-இல் கோவிட் மறுசீரமைப்புக்காக ரிசர்வ் வங்கி அமைத்த கே.வி.காமத் குழு 26 துறைகளுக்கு ஐந்து விகிதம் எடுத்துக்கொண்டது. அதில் வட்டிக் கவரேஜ் தனியாக இல்லை. வெளிக்கடனுக்கும் திருத்திய நெட்வொர்த்துக்கும் உள்ள விகிதம், மொத்தக் கடனுக்கும் தேய்மானத்துக்கு முந்தைய லாபத்துக்கும் உள்ள விகிதம், கரன்ட் ரேஷியோ, டி.எஸ்.சி.ஆர்., அதன் சராசரி, இவ்வளவுதான். சராசரி 1.2-க்குக் குறையக் கூடாது என்று வைத்தார்கள். புதுக் கடனுக்கு வங்கிகள் வழக்கமாகச் சராசரி 1.5 கேட்கும், எந்த ஒரு வருஷமும் 1.2-க்குக் கீழே போகக் கூடாது.

அடுத்த வருஷம் பழைய டெர்ம் லோனில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு? புது மெஷினால் எவ்வளவு கூடும் என்று காட்டியிருக்கிறீர்கள்?

நூல்மில்_வேடசந்தூர்

அசல் 2.40, வட்டி 1.45. புது லோன் 10 சதவீதம், அசல் ஆறு வருஷத்தில் கட்டுவதாகக் கேட்டோம். மெஷினால் வருஷம் 1.50 கூடும், சோலாரால் 0.50 மிச்சமாகும் என்று காட்டியிருந்தோம்.

கரூர்_சிஏ

தேய்மானத்துக்கும் வட்டிக்கும் முந்தைய லாபத்தில் மனை லாபம் நீக்கினால் இப்போது உங்களுக்கு 5.70. சி.சி. வட்டி ஒரு கோடி, வரி 0.40 போனால் 4.30. மெஷின், சோலார் சேர்த்து 6.30. கட்ட வேண்டியது: அசல் 2.40-உடன் புதுசு 1.33, வட்டி 1.45-உடன் புதுசு 0.80. மொத்தம் 5.98. விகிதம் 1.05. நீங்கள் சொல்கிற கூடுதல் வருமானம் முழுசாக, முதல் நாளிலிருந்தே வந்தாலும் இவ்வளவுதான்.

சங்கரி_கிரெடிட்

சரியாகப் பிடித்தீர்கள். என் யோசனை: வேலையைப் பாதியாக்குங்கள். 4 கோடி லோன், அசல் எட்டு வருஷம். வருஷ அசல் 0.50, வட்டி 0.40. பாதி மெஷினால் 0.75 வரும் என்று வைத்தால் வரவு 5.55, கட்ட வேண்டியது 4.75, விகிதம் 1.17. தம்பி யூனிட்டிலிருந்து 2.50-உம் திரும்பி சி.சி.யில் விழுந்தால் வட்டி 0.25 மிச்சம், 1.22. வெளிக்கடன் புது லோனோடு 34.5, சொந்தம் கடிதத்தோடு 14.5, விகிதம் 2.4. இந்தக் கோப்பை நான் மேலே அனுப்புவேன்.

நூல்மில்_வேடசந்தூர்

ஆர்டர் குறைவு, தம்பியால் இப்போதைக்கு 1 கோடிதான் தர முடியும். அதையும் மெஷினுக்கான எங்கள் பங்காகக் காட்ட நினைத்திருந்தோம். மீதி மார்ஜினுக்கு டைரக்டர் பணம் 3 கோடியைக் காட்டலாமா?

சங்கரி_கிரெடிட்

அந்த 3 கோடி ஏற்கெனவே பஞ்சாகவும் பாக்கியாகவும் தொழிலுக்குள் ஓடுகிறது. அதையே மார்ஜினாகக் காட்டினால், உண்மையில் மெஷினுக்குப் போவது சி.சி. பணம். குறுகிய காலப் பணத்தில் நீண்ட காலச் சொத்து வாங்குவது. ஆறு மாதத்தில் பஞ்சு வாங்கப் பணமில்லாமல் எல்.சி. தேதி தவறும், அதுதான் முதல் அறிகுறி. மார்ஜினுக்குப் புதுப் பணம் வேண்டும்.

தம்பி தருகிற 1 கோடி மெஷினுக்குப் போகட்டும். அப்போது சி.சி. குறையாது, டி.எஸ்.சி.ஆர். 1.17-இலேயே நிற்கும். வெளிக்கடன் 33-உடன் 4 சேர்ந்து 37, சொந்தம் 13, விகிதம் 2.85. முதல் வருஷம் 1.17 என்றால் மண்டல அலுவலகத்தில் விலக்கு கேட்க வேண்டும். என் அனுபவத்தில் அதைத் தர மாட்டார்கள்.

கரூர்_சிஏ

பின் வருஷங்களில் பழைய லோன் தீரத் தீர விகிதம் ஏறும் என்றால் தருவார்கள் மேடம். முதல் வருஷப் பள்ளத்துக்கு ஆறு மாதத் தவணை விடுப்பு கேட்டாலே 1.2 தாண்டும். பழைய லோனின் தவணை அட்டவணையை வருஷ வாரியாகப் போடுங்கள், முழு எட்டு வருஷத்துக்கும் கணக்குப் பார்த்துவிடலாம்.

சங்கரி_கிரெடிட்

விடுப்பில் கிடைக்கிற 1.2 இரண்டாவது வருஷம் நிற்குமா என்பதுதான் என் சந்தேகம். போடுங்கள், கிலோவுக்கு 5 ரூபாய் குறைத்தும் ஒரு பத்தி சேர்த்தே போடுங்கள்.

நூல்மில்_வேடசந்தூர்

அட்டவணையை நாளைக்குப் போடுகிறேன். உறுதிக் கடிதத்துக்கு வங்கியில் தனி மாதிரிப் படிவம் இருக்கிறதா, நாங்களே ஸ்டாம்ப் பேப்பரில் எழுதலாமா?

கரூர்_சிஏ

வங்கிப் படிவம் இருக்கும், கிளையில் கேளுங்கள். போர்டு தீர்மான நகலையும் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள்.